காலில் வேக்ஸ்: முடி அறுந்துபோகாமல் வேரோடு வருவதற்கு

"அக்கா, வீட்டிலேயே காலுக்கு ஹனி வேக்ஸ் போட்டுப் பார்த்தேன். பாதி முடிதான் வந்துச்சு. கெண்டைக்கால்ல ரெண்டே நாள்ல மறுபடி குத்த ஆரம்பிச்சுடுச்சு. முழங்காலுக்குக் கீழே சிவப்புச் சிவப்பா பொரிஞ்சு ஒரு வாரம் அரிச்சுது. பொறுக்க முடியாம ஷேவ் பண்ணிட்டேன், அது ஆகி 9 நாள் ஆச்சு. இன்னும் 20 நாள்ல தங்கச்சி கல்யாணம். முடி எவ்வளவு நீளம் இருக்கணும்? எந்தப் பக்கம் இழுக்கணும்? அப்புறம் தோலுக்கு என்ன போடணும்?"

இரண்டே நாளில் குத்துகிறது என்றால் அது புதிதாக வளர்ந்த முடி அல்ல. தோல் மட்டத்தில் அறுந்து நின்ற முடி. வேரோடு வந்த முடி மறுபடி வெளியே தலைகாட்ட இரண்டு மூன்று வாரமாவது ஆகும். உங்களுக்கு வந்த இரண்டு தொல்லைகளுக்கும், அதாவது குத்தலுக்கும் பொரிப்பொரியாகச் சிவந்ததற்கும், பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: பட்டையை இழுத்த விதம். நீளமும் சூடும் அதற்குத் துணைபோயிருக்கும்.

அறுந்த முடியையும் புது முடியையும் தடவிப் பார்த்தே சொல்லிவிடலாம். புதிதாக வருவது நுனி மெலிந்து மெத்தென்று இருக்கும். அறுந்தது மழித்த தாடி போல மொட்டையாகக் குத்தும். இதைவிட நல்ல சாட்சி, நீங்கள் இழுத்துப் போட்ட பட்டை. அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வேரோடு வந்த முடியின் ஒரு முனையில் கடுகை விடச் சின்னதாக ஒரு குமிழ் இருக்கும், சிலதில் வெள்ளையாக, சிலதில் கறுப்பாக. குமிழ் இல்லாமல் இரண்டு முனையும் வெறுமனே இருந்தால் அது அறுந்த முடி. முதல் இரண்டு பட்டையிலேயே இதைப் பார்த்துவிட்டால் மூன்றாவதிலேயே கையைத் திருத்திக்கொள்ளலாம். முழுக் காலையும் முடித்துவிட்டு வருந்த வேண்டியதில்லை.

முதலில் நீளம். காலுக்கு 5 முதல் 6 மில்லிமீட்டர் வேண்டும். அளவுகோல் தேட வேண்டாம், வீட்டில் சமைக்கும் பொன்னி அரிசி ஒன்றை எடுத்து முடிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஏறத்தாழ அந்த நீளம். 3 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் வேக்ஸ் பற்றிக்கொள்ளப் பிடி கிடைக்காது. பட்டை வழுக்கிக்கொண்டு வந்துவிடும், அல்லது நுனியை மட்டும் பிடித்து அறுத்துவிடும். நீளமாக இருந்தால் நல்லதுதானே என்றும் நினைக்க வேண்டாம். அரை அங்குலத்தைத் தாண்டிய முடி வேக்ஸுக்குள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். இழுக்கும்போது ஒரு முடி பக்கத்து முடியைத் தப்பான கோணத்தில் இழுக்கும், வலியும் கூடும், அறுதலும் கூடும். அப்படி இருந்தால் சின்னக் கத்தரிக்கோலால் ஒரு அரிசி நீளத்துக்குக் கொஞ்சம் மேலே வைத்து நறுக்கிக்கொள்ளுங்கள். டிரிம்மர் வைத்திருந்தால் 6 மில்லிமீட்டர் சீப்பு மாட்டினால் போதும்.

இனி உங்கள் கணக்கு. கால் முடி ஒரு நாளைக்குச் சுமார் கால் மில்லிமீட்டர் வளரும், ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். ஷேவ் செய்து 9 நாள் என்றால் இப்போது இரண்டு மில்லிமீட்டரும் சொச்சமும் இருக்கும். இன்றைக்குப் போட்டால் நிச்சயம் பழைய கதைதான். இன்னும் 14 நாள் பொறுத்தால் மொத்தம் 23 நாள், கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர். கல்யாணத்துக்கு அப்போது 6 நாள் பாக்கி இருக்கும். சிவப்பு அடங்குவதற்கு அது போதும். தப்பித் தவறி ஏதாவது ஆனாலும் சரிசெய்ய அவகாசம் இருக்கும். கல்யாணத்துக்கு முந்தின நாள் வேக்ஸ் போடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். காலில் மருதாணி வைப்பதாக இருந்தால் வேக்ஸ் முதலில், மருதாணி பிறகு. வேக்ஸ் தோலின் மேல்படலத்தையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டுதான் வரும். முன்னால் வைத்த மருதாணி திட்டுத் திட்டாக வெளுத்துவிடும்.

இந்த 14 நாளும் ரேசரைத் தொடக் கூடாது. "இந்த ஒரு இடம் மட்டும் அசிங்கமா இருக்கு" என்று ட்வீசரால் பிடுங்கவும் வேண்டாம். எல்லா முடியும் ஒரே நீளத்தில் இருப்பதுதான் உங்களுக்கு வேண்டியது. வாரம் இரண்டு முறை குளிக்கும்போது பீர்க்கங்காய் நாரை நன்றாக ஊறவைத்து, சோப்பு நுரையோடு லேசாக வட்டமாகத் தேய்த்து விடுங்கள். போன முறை அறுந்த முடிகளில் சில தோலுக்கு அடியிலேயே சுருண்டிருக்கும், அவை மேலே வர வழி கிடைக்கும். இரவில் ஏதாவது மாய்ஸ்சரைசர் தடவுங்கள். வறண்ட தோல் வேக்ஸோடு சேர்ந்து உரியும். வேக்ஸுக்கு முந்தின நாள் நார் வேண்டாம். வேக்ஸ் போடும் நாளில், போட்டு முடிக்கும்வரை எண்ணெயோ லோஷனோ எதுவும் வேண்டாம்.

ஆரம்பிக்கும் முன் ஒரு தடை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பருவுக்காக ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அதை நிறுத்தி 6 மாதம் ஆகாதவர்கள் வேக்ஸ் பக்கமே போகக் கூடாது. தோல் அப்படியே பெயர்ந்து வந்துவிடும். காலில் ரெட்டினால், அடாபலீன், ட்ரெட்டினாயின் கலந்த கிரீம் தடவுகிறவர்களுக்கும் அதே ஆபத்து உண்டு. நரம்பு சுருட்டிக்கொண்டு புடைத்திருக்கும் இடம், வெயிலில் கன்றிய தோல், கொசுக்கடியைச் சொறிந்து புண்ணான இடம், இவற்றைத் தாண்டித்தான் வேக்ஸ் போட வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறவர்களும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

வேக்ஸின் சூடுதான் வீட்டில் போடுகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம். டின்னில் வரும் ஹனி வேக்ஸை ஹீட்டர் இல்லாமலும் உருக்கலாம். மூடியைக் கழற்றிவிட்டு, டின்னின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் உள்ள பாத்திரத்தில் வைத்துச் சின்னத் தீயில் சூடாக்குங்கள். நேரடியாக அடுப்பில் வைத்தால் அடி கொதிக்கும், மேலே கட்டியாகவே இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே விழக் கூடாது, விழுந்தால் ஒட்டும் தன்மை போய்விடும். உருகியதும் அடுப்பிலிருந்து இறக்கி, அடியிலிருந்து மேலாகக் கலக்கிவிட்டு, ஸ்பாட்டுலாவால் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் போல ஒழுகினால் சூடு அதிகம். துண்டு துண்டாக விழுந்தால் சூடு போதாது. கெட்டியான தேன் போல அகலமான இழையாக, அறாமல் நிதானமாக வழிய வேண்டும். அதற்குப் பிறகும் நேராகக் காலில் வைக்காமல் உள் மணிக்கட்டில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். இதமான வெதுவெதுப்பு சரி. கையை வெடுக்கென்று இழுக்கத் தோன்றினால் இன்னும் 5 நிமிடம் ஆற விடுங்கள். பாதி வேலையில் இறுகிவிட்டால் மறுபடி வெந்நீரில் வைத்து எடுங்கள், ஒவ்வொரு முறையும் மணிக்கட்டுச் சோதனை உண்டு.

சர்க்கரையும் எலுமிச்சையும் போட்டு வீட்டிலேயே வேக்ஸ் காய்ச்சுகிறவர்கள் 2 கப் சர்க்கரைக்குக் கால் கப் எலுமிச்சைச் சாறு, கால் கப் தண்ணீர் என்று எடுப்பது வழக்கம். அதிரசத்துக்குப் பாகு பார்த்த கைக்கு இது புதிதல்ல. எலுமிச்சை எதற்கென்றால், பாகு பூத்து மறுபடி சர்க்கரையாகிவிடாமல் இருக்க. நிறம் தேன் போல மாறியதும் ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டுப் பார்க்க வேண்டும். கரையாமல் அடியில் சேர்ந்து, விரலால் எடுத்தால் தளர்ந்த உருண்டையாக வந்தால் துணிப்பட்டைக்கு ஏற்ற பதம். கெட்டி உருண்டையானால் கடந்துவிட்டது. கொதிக்கும் பாகு வெந்நீரை விட மோசமாகச் சுடும், தோலில் ஒட்டிக்கொண்டே சுடும். இறக்கி அரை மணி நேரமாவது ஆறாமல் தொடாதீர்கள். முதல் முறை செய்கிறவர்களுக்கு இந்தக் கல்யாண நெருக்கடியில் இதை நான் சொல்ல மாட்டேன், டின் வேக்ஸே போதும்.

நம் ஊரில் வேக்ஸ் ஒட்டாததற்குப் பாதிக் காரணம் வியர்வை. சென்னையிலோ தூத்துக்குடியிலோ ஏப்ரல், மே மாதத்தில் மத்தியானம் இரண்டு மணிக்கு உட்கார்ந்தால் எந்த வேக்ஸும் தோலில் நிற்காது. சாயங்காலம், குளித்து முடித்து, ஃபேனுக்குக் கீழே உட்காருங்கள். காலை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, பத்து நிமிடம் காயவிட்டு, டால்கம் பவுடரை மிக மெல்லிசாகத் தடவித் தட்டிவிடுங்கள். பவுடர் ஈரத்தை உறிஞ்சும், வேக்ஸ் தோலை விட முடியைப் பிடிக்கும். மாவு பூசியது போல வெள்ளையாகத் தெரிந்தால் அதிகம், துடைத்துவிடுங்கள்.

இப்போது திசை. விதி சின்னது: வேக்ஸைத் தடவுவது முடி வளரும் திசையில், இழுப்பது அதற்கு நேர் எதிர்த் திசையில். சிக்கல் என்னவென்றால், காலில் முடி எல்லா இடத்திலும் மேலிருந்து கீழாக வளர்வதில்லை. முன்னங்காலில் பெரும்பாலும் நேர் கீழாகப் போகும். பக்கவாட்டில் கொஞ்சம் சாய்ந்து பின்பக்கமாகத் திரும்பும். கெண்டைக்காலின் பின்புறத்தில் பலருக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் சரிந்து வந்து நடுவில் சேரும், சிலருக்குக் குறுக்காகவே படுத்திருக்கும். தொடையின் முன்பக்கம் கீழேயும் வெளியேயும், பின்பக்கம் ஏறக்குறைய பக்கவாட்டாக. முழங்காலில் சுழிபோல எல்லாப் பக்கமும் இருக்கும். நீங்கள் கெண்டைக்காலையும் முன்னங்கால் போலவே கீழிருந்து மேலாக இழுத்திருப்பீர்கள். அங்கே குறுக்காகப் படுத்திருந்த முடி வேரைவிட்டு வராமல் மடங்கி அறுந்திருக்கிறது.

ஆகவே வேக்ஸைத் தொடும் முன் ஐந்து நிமிடம் செலவழித்து உங்கள் காலைப் படித்துவிடுங்கள். செல்போன் டார்ச்சைத் தோலுக்குப் பக்கவாட்டில் பிடித்தால் ஒவ்வொரு முடியும் நிழலோடு தெரியும். விரலால் இரண்டு பக்கமும் தடவுங்கள், வழவழவென்று படியும் பக்கம்தான் வளரும் திசை. அங்கங்கே கண்மைப் பென்சிலால் சின்ன அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். கெண்டைக்காலுக்குத் தரையில் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்து, ஒரு காலை ஸ்டூலில் தூக்கிவைத்துப் பார்க்கலாம். சிரிப்பாகத் தோன்றினாலும் அந்த அம்புகள்தான் பிறகு கையை வழிநடத்தும்.

முதல் பட்டையை வெளிப்பக்க முன்னங்காலில் போடுங்கள். அங்கே திசை எளிது, வலியும் குறைவு, கையும் பழகும். ஸ்பாட்டுலாவில் கொஞ்சமாக வேக்ஸ் எடுத்து, 45 டிகிரி சாய்த்துப் பிடித்து, முழங்கால் பக்கமிருந்து கணுக்கால் பக்கமாக அழுத்தி இழுத்துப் பரப்புங்கள். அடியில் தோல் தெரியும் அளவுக்கு மெல்லிசாக இருக்க வேண்டும். தடியாகப் போட்டால் வேக்ஸ் துணியோடு வராமல் தோலிலேயே பிசுக்காக நின்றுவிடும். நீளம் ஒரு சாணுக்குள், 10 முதல் 15 சென்டிமீட்டர் போதும். அகலம் பட்டையை விடக் குறைவாக. அதன் மேல் துணிப்பட்டையை வைத்து, கணுக்கால் பக்க முனையில் இரண்டு விரல் அகலம் வேக்ஸ் படாமல் வெறுமனே விடுங்கள், அதுதான் பிடி. பிறகு உள்ளங்கையால் முடி வளரும் திசையிலேயே மூன்று நான்கு முறை அழுத்தித் தேயுங்கள். மேலும் கீழுமாகத் தேய்த்தால் முடி திசை மாறிப் படுத்துவிடும்.

இழுக்கும் நொடிதான் எல்லாம். ஒரு கையால் பிடி இருக்கும் முனைக்குக் கீழே தோலை வைத்து, கணுக்கால் பக்கமாக இறுக இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்ற கையால் பட்டையின் பிடியைப் பிடித்து, முழங்காலை நோக்கி, தோலை ஒட்டியே, பட்டை தன் மேலேயே மடிந்து வரும்படி, ஒரே வீச்சில் இழுக்க வேண்டும். கை வானத்தைப் பார்த்து எழும்பக் கூடாது, காலோடு காலாகவே ஓட வேண்டும். வாழை மட்டையில் நார் உரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மட்டையோடு படிய இழுத்தால் முழம் நீளத்துக்கு நார் வரும், செங்குத்தாகத் தூக்கினால் பாதியில் அறும். முடியும் அப்படித்தான். தோலுக்குள் அது சாய்வாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. படிய இழுத்தால் வந்த வழியே வெளியே வரும். மேலே தூக்கினால் குழியின் விளிம்பில் மடங்கி முறியும், கூடவே தோலும் எழும்பி அடியில் ரத்தம் கட்டும். பயந்து மெதுவாக இழுப்பதும் இதே வேலையைத்தான் செய்யும். இழுத்து முடிந்ததும் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து ஐந்து நொடி அழுத்துங்கள், எரிச்சல் பாதியாகக் குறையும்.

முதல் பட்டையை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள் என்று மேலே சொன்னது இங்கேதான். குமிழ்கள் தெரிந்தால் தொடருங்கள். முடி அறுந்திருந்தால் கை மேலே எழும்பியதா, தோல் தளர்ந்திருந்ததா, திசை பிசகியதா என்று பாருங்கள், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். பட்டையில் முடியே இல்லாமல் வேக்ஸ் காலிலேயே நின்றுவிட்டால் வேக்ஸ் தடியாகவோ அதிகச் சூடாகவோ இருக்கிறது, அல்லது தோலில் ஈரம் இருக்கிறது.

விட்டுப்போன முடிக்காக ஒரே இடத்தில் இரண்டாம் முறை போடலாம், மூன்றாம் முறை கூடவே கூடாது. இரண்டாவதுக்குப் பிறகும் நிற்பதை ட்வீசரால் எடுத்துவிடுங்கள். தோல் உரிந்த கேஸ்களில் பெரும்பாலானவை "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று போட்டதில் வந்தவை.

கெண்டைக்காலுக்குப் பட்டையைப் பாதியாக வெட்டிக்கொள்ளுங்கள். உங்கள் அம்புகள் வெளிப்பக்கத்திலிருந்து நடுவை நோக்கி இருந்தால், வெளிப்பாதியில் வேக்ஸை வெளியிலிருந்து நடுவுக்குத் தடவி, நடுவிலிருந்து வெளியே இழுக்க வேண்டும். உள்பாதிக்கு அப்படியே எதிராக. நடுக்கோட்டைத் தாண்டி ஒரே பட்டை போட்டால் ஒரு பாதி சரியாக வரும், மறு பாதி அறும். பாதி முடிதான் வந்தது என்று எழுதியிருந்தீர்களே, அது இப்படி ஒரு பட்டையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

முழங்காலை மடக்கி வையுங்கள், அப்போதுதான் தோல் இறுகும். சுழிக்கு ஏற்ப இரண்டு விரல் அகலத் துண்டுகளாக, ஒவ்வொன்றாக எடுங்கள். முழங்காலுக்குப் பின்புறக் குழி மட்டும் எதிர்மாறு, அங்கே காலை நீட்டிவைக்க வேண்டும். தோல் மிக மெல்லிசு, வியர்வையும் தங்கும், முதல் இரண்டு மூன்று முறை அதை விட்டுவிட்டாலும் யாரும் பார்க்கப்போவதில்லை. கணுக்கால் எலும்பின் மேல் பட்டையை நேராக ஓட்டாதீர்கள், எலும்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

எல்லாம் முடிந்ததும் பிசுக்கை எடுக்க வேண்டும். ஹனி வேக்ஸும் சர்க்கரை வேக்ஸும் தண்ணீரில் கரையும், நனைத்த பருத்தித் துணி போதும், வெந்நீர் வேண்டாம். ரிக்கா வகை வேக்ஸ் தண்ணீருக்கு அசையாது, கொஞ்சம் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, பிறகு எண்ணெயையும் ஒற்றி எடுத்துவிடுங்கள். சொரசொரப்பான துண்டால் தேய்ப்பது இப்போது வேண்டாம்.

அடுத்து குளிர்ச்சி. ஐஸ் கட்டிகளை மெல்லிய துணியில் சுற்றி, இடம் மாற்றி மாற்றி ஐந்து பத்து நிமிடம் ஒற்றுங்கள். ஐஸை நேராகத் தோலில் வைக்காதீர்கள். பிறகு வாசனை சேர்க்காத கற்றாழை ஜெல் மெல்லிசாக. வீட்டுத் தொட்டியில் இருக்கும் கற்றாழையை அறுத்துப் போடுவதாக இருந்தால் ஒன்று கவனிக்க வேண்டும்: வெட்டியதும் மஞ்சளாக ஒரு பால் வடியும், அது தோலை அரிக்கும். மடலைச் செங்குத்தாகப் பத்து நிமிடம் நிறுத்திவைத்து அதை வடியவிட்டு, தோலைச் சீவி, உள்ளே இருக்கும் கண்ணாடிச் சோற்றை இரண்டு மூன்று முறை கழுவியபின் பயன்படுத்துங்கள். கற்றாழை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு லாக்டோ காலமைன் வகை லோஷன் போதும்.

எதைப் போடக் கூடாது என்பது இங்கே இன்னும் முக்கியம், ஏனென்றால் வீட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள். மஞ்சள், எலுமிச்சை, படிகாரம், சென்ட், ஆஃப்டர் ஷேவ் எதுவும் அன்றைக்கு வேண்டாம். முடி வந்த குழிகள் ஒவ்வொன்றும் இப்போது திறந்திருக்கின்றன. எரிச்சல் தருவது எதுவானாலும் நேராக உள்ளே போகும், அந்த எரிச்சலே நம் நிறத் தோலில் பிறகு கறுப்புப் புள்ளியாக நின்றுவிடும். தேங்காய் எண்ணெயை ஊற்றித் தேய்ப்பதும் பொரியும் தோலுக்கு உதவாது, முதல் நாள் குழிகளை அடைத்துக்கொள்ளும். மெடிக்கல் ஷாப்பில் "அரிப்புக்கு" என்று கேட்டால் கொடுக்கும் ஸ்டீராய்டு கலந்த கூட்டுக் கிரீம்களை வாங்கவே வாங்காதீர்கள். தோலை மெலியவைத்து, நிறத்தையும் கெடுக்கும்.

அன்று இரவு தளர்ந்த பருத்தி நைட்டி, நல்ல ஃபேன். லெகிங்ஸ், ஜீன்ஸ் இரண்டும் 24 மணி நேரம் அலமாரியிலேயே இருக்கட்டும், உரசலும் வியர்வையும் சேர்ந்தால்தான் பொரி வருகிறது. வெந்நீர்க் குளியல், ஜிம், நீச்சல், மத்தியான வெயில் இவையும் ஒரு நாள் தள்ளிப்போகட்டும். வெளியே போகும்போது கால் தெரியும் உடை என்றால் மறுநாளிலிருந்து சன்ஸ்கிரீன்.

ஒவ்வொரு முடிக்குழியைச் சுற்றியும் சின்னச் சிவப்புப் புள்ளி எழும்புவது இயல்பு, ஓரிரு நாளில் தானே அடங்கும். மூன்றாம் நாளும் அடங்காமல் புள்ளியின் தலையில் சீழ் தெரிந்தால் குழிக்குள் கிருமி போயிருக்கிறது. கிள்ளாதீர்கள், வெதுவெதுப்பான துணியால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை ஒற்றுங்கள். சிவப்பு பரவிக்கொண்டே போனாலோ, தொட்டால் சுட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ தோல் மருத்துவரிடம் போவதுதான் வழி.

தோல் உரிந்த இடம் வேறு மாதிரி தெரியும்: பளபளவென்று ஈரமாக, இளஞ்சிவப்பாக, காற்றுப் பட்டாலே எரியும். தண்ணீரில் கழுவி வாசலின் தடவி மூடிவையுங்கள், ஆறும்வரை அங்கே வேறெதுவும் வேண்டாம். சுட்டுவிட்டால் வேக்ஸைப் பிய்க்கப் போகாதீர்கள். ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டி ஆறவிடுங்கள், ஒட்டியதைப் பிறகு மெல்ல எடுக்கலாம். பேஸ்ட், மாவு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். கொப்புளம் உள்ளங்கை அளவுக்கு இருந்தால் ஆஸ்பத்திரி.

மூன்றாம் நாளிலிருந்து மறுபடி பீர்க்கங்காய் நார், வாரம் இரண்டு முறை, லேசாக. உள்ளே வளரும் முடி வேக்ஸ் போட்ட அன்றே தெரியாது, ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் தோலுக்கு அடியில் கறுப்பாகச் சுருண்டு தெரியும். அதை ஊசியால் குத்தி எடுக்கப் போகிறவர்கள்தான் நிரந்தரத் தழும்போடு வருகிறார்கள். யூரியா அல்லது லாக்டிக் அமிலம் கலந்த லோஷனை இரவில் தடவிவந்தால் மேல்தோல் இளகிப் பெரும்பாலும் தானே வெளியே வரும்.

கல்யாணத்தன்று காலையில் அங்கங்கே நான்கைந்து முடி தெரிந்தால் வேக்ஸ் சரியாகப் போடவில்லை என்று எண்ண வேண்டாம். எல்லா முடியும் ஒரே நேரத்தில் தோலுக்கு மேலே இருப்பதில்லை, நீங்கள் வேக்ஸ் போட்ட நாளில் அடியில் இருந்தவை அவை. ட்வீசரால் எடுத்துவிடுங்கள், ரேசர் வேண்டாம். அடுத்த வேக்ஸ் நான்கு முதல் ஆறு வாரத்தில், மறுபடி அந்தப் பொன்னி அரிசி நீளம் வந்த பிறகு.